திரும்பாத தஸ்லிம்

மூன்றாவது லைனுக்குப் புதிதாக வந்த அம்மாளுக்குக் காது கேட்கவில்லை என்று லைன் லீடர் சுகுணா முடிவு கட்டி நான்கு நாளாகிவிட்டது. வெள்ளிக்கிழமை சூப்பர்வைசர் குருமூர்த்தியிடம் அறிக்கை கொடுக்க வேண்டும். "கூப்பிட்டால் திரும்புவதில்லை" என்று பென்சிலில் எழுதியும் வைத்திருந்தாள். ஓசூரில் கார்களுக்கு ஒயர் கட்டும் அந்தத் தொழிற்சாலையில், பேர் சொல்லிக் கூப்பிட்டால் கையில் இருப்பதை நிறுத்திவிட்டுத் திரும்ப வேண்டும். அது பாதுகாப்பு விதி. திரும்பாதவருக்கு வேலை நிரந்தரமாகாது.

கைவேலையோ படு சுத்தம். கிருஷ்ணகிரியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் அந்த நாற்பத்திரண்டு வயதுக்காரியின் மேசையில் ஒரு ஒயர்கூடப் பிசகியதில்லை. அதனால்தான் சுகுணாவுக்கு மனசு கேட்கவில்லை. அன்றைக்கும் பின்னால் நின்று, "பாயம்மா! பாயம்மா!" என்று இரண்டு முறை கத்திப் பார்த்தாள். அசைவில்லை. ஆனால் பக்கத்து மேசையில் ஒரு கிளிப் விழுந்த சத்தத்துக்கு அம்மாளின் தலை சட்டென்று திரும்பியது.

கிளிப் விழுவது கேட்கிறது, என் குரல் கேட்கவில்லையா? சுகுணாவுக்குச் சுருக்கென்றது. முதல் நாளே "பாயம்மா, இங்க வாங்க" என்று ஆசையாக அழைத்தவள் அவள்தான். லைன் மொத்தமும் அதையே பிடித்துக்கொண்டது. அடையாள அட்டையில் இருந்த பெயரை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

டீ இடைவேளையில் நாலு பேர் முன்னால் கேட்காமல், கை கழுவும் இடத்துக்குத் தனியாக அழைத்துப் போனாள்.

"உங்ககிட்ட ஒன்னு கேக்கணும், தப்பா எடுத்துக்காதீங்க. என்னை இங்க லீடர், மேடம்னு என்னென்னமோ சொல்றாங்க. எனக்கு சுகுணான்னு சொன்னா போதும். உங்கள எப்படிக் கூப்பிட்டா உங்களுக்குப் பிடிக்கும்? நானா ஒரு பேரு வச்சிட்டேன், கேக்கவே இல்ல."

அந்த அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள்.

"தஸ்லிம். எனக்குக் காது நல்லாவே கேக்குதுங்க. அந்தப் பேருக்கு ஒருதரம் திரும்பிட்டா, ரிட்டயர் ஆவற வரைக்கும் அதேதான். கல்யாணம் ஆயி வந்தப்ப எங்கூட்டுல மருமவளேன்னாங்க, திரும்பினேன். அப்பறம் அர்பாஸ் அம்மான்னாங்க, அதுக்கும் திரும்பினேன். இருவது வருசமா யாரும் என் பேரச் சொன்னதில்ல. இந்த அட்டைல பாத்தப்பதான், அட, நமக்கு ஒரு பேரு இருக்குதேன்னு தோணுச்சு. அதையும் விட்ருவனா?"

 சுகுணாவுக்கு அந்தப் பாழாய்ப்போன பென்சில் வரி நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. இருந்தாலும் பாதியில் விடவில்லை.

"தஸ்லிம்னு மட்டுமா, அக்கா சேக்கலாமா?"

"உங்களுக்கு மட்டும்னா தஸ்லிம் போதும். ஆனா வா, போ வேணாம். வாங்க, போங்க."

"சின்னப் பசங்க? வெறும் பேரு சொல்லக் கூச்சப்படுவாங்க."

"அவங்க அக்கா சேத்துக்கட்டும். பேரு முன்னாடி வரணும்."

"இத லைன்ல நான் சொல்லலாமா? நீங்களே சொல்றீங்களா?"

"நீங்களே சொல்லுங்க. காரணம் மட்டும் வேணாம்."

காரணம் சொல்லாமலே சுகுணா சொன்னாள்: "அவங்க பேரு தஸ்லிம். அப்படிக் கூப்பிடறதுதான் அவங்களுக்குப் பிடிச்சிருக்குது." லைனிலேயே சின்னவனான ஹரீஷ்குமார், "ஐயோ, பெரியவங்கள..." என்று இழுத்தான். அப்புறம் நேரே போய், "தஸ்லிம்க்கா, சரிங்களா?" என்று கேட்டுவிட்டு வந்தான். மறுநாள் சுகுணாவுக்கே நாக்கு பிசகி "பா..." என்று வந்துவிட்டது. "தப்பு. தஸ்லிம்" என்று திருத்திக்கொண்டு வேலையைப் பேசினாள். பெரிய மன்னிப்புக் கச்சேரி எதுவும் வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை குருமூர்த்தி தானே சோதிக்க வந்தார். சந்தேகத்தை அவர் காதில் போட்டு வைத்தவளும் சுகுணாவேதான். "ஏம்மா பாயம்மா!" என்று முழங்கினார். தஸ்லிமின் கை ஒயரிலேயே இருந்தது. அவர் உதட்டைப் பிதுக்கினார்.

சுகுணா அவர் பக்கத்தில் நின்றபடியே, அடங்கிய குரலில் சொன்னாள்.

"தஸ்லிம், ஒரு நிமிஷம் வர்றீங்களா?"

கை நின்றது. தலை திரும்பியது.

"காது நல்லாத்தான் இருக்குது போல" என்றார் குருமூர்த்தி.

"எங்களுக்குத்தான் சார் வாய் சரியில்ல. நான் சொன்னது தப்பு."

அவர் கொஞ்ச நேரம் அட்டையைப் படித்தார். "தஸ்லிம்... வேலைய நிரந்தரம் பண்ணிடலாங்களா?" என்று அந்த அம்மாளிடமே கேட்டார். அவள் தலையாட்டினாள். 

அன்று மாலை கிருஷ்ணகிரி பஸ்ஸில் தஸ்லிம் ஒரு கால் வைத்தபோது, பின்னாலிருந்து ஹரீஷ்குமார் கூவினான்.

"தஸ்லிம்க்கா!"

திரும்பினாள். "என்னப்பா?"

"ஒன்னுமில்லீங்க. சும்மா கூப்பிட்டுப் பாத்தேன்."

"பரவால்ல" என்றாள். "இன்னொருக்கா கூப்பிடு."