குவியல் உப்பு

உப்பு ஆலையில் பாக்கெட்டுகளைச் சோதித்து அனுப்பும் அவளுக்கு அன்று இருப்புக் கொள்ளவில்லை. வயிற்றில் மூன்று மாதம்.

முந்தின நாள் நர்ஸ், "வீட்ல என்ன உப்பு?" என்று கேட்டபோது, "எங்க ஆலை உப்புதான்!" என்று பெருமையாகச் சொல்லியிருந்தாள்.

"நல்லது. அயோடின் குறைஞ்சா உனக்கு தைராய்டு குறையும். இந்த மாசங்கள்ல குழந்தைக்கும் உன்கிட்டேருந்துதான் அது போகணும். மூளை வளர்றதே அதை வச்சுதான்."

ராத்திரி முழுக்க அது முள்ளாய்க் குத்தியது. ஆலையில் வேலை செய்கிறவர்கள் யார் பாக்கெட் உப்பு வாங்குகிறார்கள்? அயோடின் தெளிக்கும் எந்திரத்துக்குப் போகுமுன் கிடக்கும் குவியலில் அள்ளிக்கொள்வதுதான் வழக்கம்.

வீட்டு உப்பை ஒரு சிட்டிகை காகிதத்தில் மடித்து ஆலைக்குக் கொண்டுவந்து, சோதனைத் திரவத்தைச் சொட்டினாள். பாக்கெட் உப்பென்றால் நீலமாகும். இது வெள்ளை. மறுபடி சொட்டினாள். வெள்ளைதான். ஊருக்கெல்லாம் நீலம் பார்த்து அனுப்பிய கை திரவக் குப்பியை மூடி வைத்தது.

நர்ஸுக்குப் போன் செய்தாள். "இன்னிக்கே உப்பை மாத்து. அதிகமாப் போடாதே, பாக்கெட் உப்பாப் போடு, போதும். நாளைக்கு வா, ரத்தம் பார்த்துடலாம்."

குவியலுக்கு ஓடினாள். மேஸ்திரி மண்வெட்டியோடு நின்றார்.

"அண்ணே, இதை யாருக்கும் குடுக்காதீங்க!"

"அட போம்மா, இதைத் தின்னுதானே எல்லாரும் வளர்ந்தோம்!" என்று சிரித்தார்.

அவர் பின்னால், மூட்டை தைக்கிறவள் நிறைமாத வயிற்றோடு பையை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.