நோட்டு மாறினால் எத்தனை வட்டம்

எனக்குக் கோபம் வந்தால் காது சூடாகும். அன்றைக்குக் காலை பத்தரை மணிக்கு எங்கள் கல்லூரிக் கம்ப்யூட்டர் லேபில் என் இரண்டு காதிலும் தோசை சுடலாம் போலிருந்தது. காரணம் என் எதிரில் உட்கார்ந்திருந்த ஹரீஷ்குமார்.

நாங்கள் இருவரும் எம்.எஸ்ஸி. கணிதம், கடைசி வருடம். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே புராஜெக்ட். கணக்கு என் பொறுப்பு, புரோகிராம் அவன் பொறுப்பு. மதியம் இரண்டு மணிக்கு வைவா. கேள்வி கேட்க சேலத்திலிருந்து அண்ணாதுரை சார் வருகிறார். போன வருடம் மூன்று பேரைத் திருப்பி அனுப்பியவர். நான் திரும்பினால் கதை முடிந்தது. திங்கட்கிழமை அத்திப்பள்ளி தாண்டி ஒரு கம்பெனியில் டேட்டா வேலைக்குச் சேர வேண்டும், கையில் வைவா பாஸ் கடிதம் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். உத்தனப்பள்ளியில் எங்கப்பா தக்காளி வியாபாரிவரைக்கும் எல்லோரிடமும் அந்த வேலையைச் சொல்லி முடித்துவிட்டார்.

புராஜெக்ட் என்னவோ எளிய விஷயம்தான். பள்ளிக்கூடத்தில் டெஸ்ட் முடிந்ததும் டீச்சர் நோட்டுகளை மாற்றிக் கொடுத்துத் திருத்தச் சொல்வார் இல்லையா? இருபது பேர் நோட்டும் கண்டபடி கலந்து கைமாறுகிறது. என் நோட்டு பிரியாவிடம், பிரியா நோட்டு மணியிடம், மணி நோட்டு என்னிடம் என்றால் எங்கள் மூவருக்கும் ஒரு வட்டம் முடிந்தது. மற்றவர்கள் வேறு வட்டங்களில் இருப்பார்கள். யாருக்காவது சொந்த நோட்டே வந்துவிட்டால், அது ஒற்றை ஆள் வட்டம். சராசரியாக எத்தனை வட்டம் இருக்கும் என்பதுதான் கேள்வி. ஆங்கிலத்தில் வட்டத்துக்கு சைக்கிள் என்று பெயர். அதைக் கேட்டதிலிருந்து எங்கப்பா, "ரெண்டு வருசம் படிச்சு சைக்கிள் எண்றியா கண்ணு?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

விடை 3.5977. ரிப்போர்ட்டில் அதை நிரூபித்திருந்தேன். அடுத்த பக்கத்து அட்டவணையில் ஹரீஷின் புரோகிராம், ஆயிரம் தடவை நோட்டைக் கலைத்துப் பார்த்த சராசரியும் 3.5977 என்று அச்சாகியிருந்தது. பைண்டிங் போட்டு, தங்க எழுத்து அடித்து, போன வாரமே அண்ணாதுரை சாருக்கு அனுப்பியாயிற்று.

அண்ணாதுரை சார் கண்முன்னே புரோகிராமை ஓட்டிக் காட்டச் சொல்வார் என்று எங்கள் கைடு சரஸ்வதி மேடம் எச்சரித்திருந்தார். அதனால்தான் காலையில் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். திரையில் வந்த விடை 1.000.

"இன்னொருக்கா ஓட்டு" என்றேன்.

1.000.

"ஹரீஷ், ரிப்போர்ட்ல 3.5977ன்னு போட்டிருக்கியே. அது எங்கிருந்து வந்துச்சு?"

அவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். அவன் கண்ணாடியைத் துடைத்தால் பொய் ஒன்று வெளியே வரப்போகிறது என்று அர்த்தம்.

"அப்பயும் ஒண்ணுதான் வந்துச்சு தர்ஷினி. நீ மூணரைக்குக் கொஞ்சம் மேலன்னு சொன்னேல்ல. புரோகிராம்ல என்னமோ சின்னத் தப்பு, பிறகு பாத்துக்கிடலாம்னு வரவேண்டிய நம்பரையே..."

"அடப்பாவி!"

லேபைப் பெருக்கிக்கொண்டிருந்த வெங்கடம்மா துடைப்பத்தோடு எட்டிப்பார்த்து, "ஏமாயிந்தி பாப்பா?" என்று தெலுங்கில் கேட்டார். என்ன ஆச்சென்று அவருக்கு எப்படிச் சொல்வேன். "ஒண்ணுமில்லக்கா, இவன் என் கழுத்தறுத்துட்டான்" என்றேன். அவர் ஹரீஷைப் பார்த்து, "பாத்தா தெரில" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கத்தி என்ன பிரயோஜனம்? ஒரு தாளைக் கிழித்து மூன்று சீட்டு எடுத்தேன். இருபது பேருக்குப் பதில் மூன்று பேர். மூன்று நோட்டு மாறுவதற்கு மொத்தமே ஆறு வழி. எல்லோருக்கும் சொந்த நோட்டே வந்தால் மூன்று வட்டம். ஒருவருக்கு மட்டும் சொந்த நோட்டு, மற்ற இருவர் தங்களுக்குள் மாற்றிக்கொண்டால் இரண்டு வட்டம். அது மூன்று வழி. யாருக்குமே சொந்த நோட்டு வராத வழி இரண்டு, அவை ஒவ்வொன்றிலும் ஒரே வட்டம். மூன்று, ஆறு, இரண்டு, கூட்டினால் பதினொன்று. ஆறால் வகுத்தால் பதினொன்றின்கீழ் ஆறு. என் சூத்திரமும் ஒன்று, அரை, மூன்றில் ஒன்று என்று கூட்டி அதையேதான் சொல்கிறது. என் கணக்கு சரி. உயிர் கொஞ்சம் திரும்பி வந்தது.

"இப்ப உன் புரோகிராம்ல மூணு போட்டு ஓட்டு. எந்தெந்த வழி வருதுன்னு பார்ப்போம்."

ஆயிரம் தடவை ஓட்டினான். ஆறு வழிகளில் இரண்டே இரண்டுதான் திரும்பத் திரும்ப வந்தன. யாருக்கும் சொந்த நோட்டு வராத அந்த இரண்டு.

"எப்படிடா கலைக்கிற?"

"கடைசி இடத்துலருந்து ஆரம்பிப்பேன். இருபதாவது நோட்டை, ஒண்ணுலருந்து பத்தொம்பதுக்குள்ள ஏதோ ஒரு இடத்து நோட்டோட மாத்துவேன். அப்புறம் பத்தொம்பதாவதை, ஒண்ணுலருந்து பதினெட்டுக்குள்ள..."

"இருபதுக்கு ஏன் இருபதாவது இடமே வரக்கூடாது?"

அவன் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். "அவன் நோட்டை அவனே திருத்தலாமா? எங்க சிவகாசி ஸ்கூல்ல டீச்சர் பின்னிருவாங்க!"

நான் நெற்றியில் அடித்துக்கொண்டேன். பிறகு சிரிப்பு வந்துவிட்டது, அடக்கவே முடியவில்லை. ஒரு பைத்தியக்காரன் சிவகாசி டீச்சரின் பிரம்புக்குப் பயந்து, எம்.எஸ்ஸி. புராஜெக்டில் சொந்த நோட்டைத் தடை செய்து வைத்திருக்கிறான். அந்த ஒரு எண்ணைத் திருத்தி ஓட்டினோம். 3.641 வந்தது. அதன் பிறகு 3.572. கட்டிப்பிடிக்காத குறை.

"பாத்தியா, முடிஞ்சுபோச்சு" என்றான் ஹரீஷ். "ரிப்போர்ட்ல 3.5977 இருக்கு, ஓட்டிக் காட்டுனா பக்கத்துல வருது. யாருக்கும் தெரியப்போறதில்ல. நீ மட்டும் வாயைத் தொறக்காம இரு."

உண்மையைச் சொல்கிறேன், நானும் தலையாட்டினேன். திங்கட்கிழமை கம்பெனி பஸ் என் கண்ணில் நின்றுகொண்டிருந்தது.

இரண்டு மணிக்கு அண்ணாதுரை சார் எங்கள் ரிப்போர்ட்டைத் திறந்து முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்தில் சரஸ்வதி மேடம். சார் பார்க்க அப்படியொன்றும் பயங்கரமாக இல்லை. சட்டைப் பையில் ஒரு பென்சில், கையில் ஒரு டம்ளர் டீ.

முதலில் நிரூபணத்தைக் கேட்டார். அது எனக்கு மனப்பாடம். "ஒரு நோட்டுலருந்து ஆரம்பிச்சு, அது யார்கிட்டப் போச்சு, அவங்க நோட்டு யார்கிட்டப் போச்சுன்னு தொடர்ந்து போறோம் சார். வட்டம் மூடினா அடுத்த புது ஆள்கிட்ட ஆரம்பிக்கிறோம். ஒவ்வொரு அடிக்கும் ஒரு மாறி வைக்கிறோம். அந்த அடியில வட்டம் மூடினா அதுக்கு ஒண்ணு, மூடலைன்னா சைபர். முதல் அடியில நோட்டு போறதுக்கு இருபது பேர் இருக்காங்க, மூடுறதுக்கு ஒரே ஆள். அதனால சராசரி இருபதுல ஒண்ணு. அடுத்து பத்தொம்பதுல ஒண்ணு. கடைசி அடியில ஒரே ஆள்தான் மிச்சம், கண்டிப்பா மூடும், அதனால ஒண்ணு. சராசரிகளைக் கூட்டினா மொத்த வட்டத்தோட சராசரி. ஒண்ணு, அரை, மூணுல ஒண்ணுன்னு இருபதுல ஒண்ணு வரைக்கும்."

"நல்லது" என்றார். டீயை ஒரு மடக்கு குடித்தார். அட்டவணைப் பக்கத்தைத் திருப்பினார். "ஓட்டிக் காட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன். இந்த ரிப்போர்ட்ல அடிக்க வேண்டியது, மாத்த வேண்டியது ஏதாவது இருக்காம்மா?"

ஹரீஷ் மேசைக்கடியில் என் காலை மிதித்தான்.

மிதிக்காமல் இருந்திருந்தால் ஒருவேளை சும்மா இருந்திருப்பேன். என் காலை மிதிக்க இவன் யார்?

"இருக்கு சார். அந்த அட்டவணை நம்பர் புரோகிராம்ல வந்தது இல்ல. தியரி நம்பரைத்தான் அப்படியே எழுதியிருக்கோம். புரோகிராம் ஒண்ணுன்னு காட்டுச்சு. இன்னைக்குக் காலைலதான் பார்த்தேன்."

சரஸ்வதி மேடம் வாயைப் பொத்திக்கொண்டார். ஹரீஷ் கண்ணாடியைக் கழற்றினான், ஆனால் துடைக்கவில்லை. மேசைமேல் வைத்துவிட்டு, "எழுதுனது நான்தான் சார். இவளுக்குத் தெரியாது" என்றான். அந்த ஒரு நொடியில் அவன்மேல் இருந்த கோபம் எல்லாம் எனக்குப் போய்விட்டது.

"ஏன் ஒண்ணு வந்துச்சு?" சார் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "எப்பவும் மிகச் சரியா ஒண்ணு. ஏன்?"

இதை நான் தயார் செய்துகொண்டு போகவில்லை. சாக்பீஸை எடுத்துக்கொண்டு போர்டு முன்னால் நின்றேன். அவன் புரோகிராமும் கடைசி இடத்திலிருந்து ஒவ்வொரு அடியாகத்தான் கலைக்கிறது. சரியாகக் கலைத்தால் முதல் அடியில் இருபது இடம், அதில் தன்னையே எடுக்க இருபதில் ஒரு வாய்ப்பு. அடுத்து பத்தொன்பதில் ஒன்று. அட! அதே பின்னங்கள்!

"சார், தன் இடத்தையே எடுக்கிற அடியிலதான் ஒரு வட்டம் மூடுது. வேற இடத்தை எடுத்தா அந்த நோட்டு இன்னொரு வட்டத்தோட சேர்ந்துக்குது. இவன் தன்னை எடுக்கக் கூடாதுன்னு தடுத்துட்டான். அதனால இருபதுல ஒண்ணு, பத்தொம்பதுல ஒண்ணு, அரை வரைக்கும் எல்லா மாறியும் சைபர். கடைசியில ஒரே இடம்தான் மிச்சம், அதை யாராலயும் தடுக்க முடியாது. அந்த ஒண்ணு மட்டும் நிக்குது. இருபது பேருக்கும் சேர்த்து ஒரே பெரிய வட்டம். எப்பவும்."

சொல்லி முடித்தபோது எனக்கே சந்தோஷமாக இருந்தது. வேலை, கம்பெனி பஸ், எல்லாம் மறந்துபோய், பல்லைக் காட்டிக்கொண்டு சாக்பீஸோடு நின்றேன்.

"ஏன் தடுத்தான்?" என்று சார் கேட்டார். சிவகாசி டீச்சர் கதையை ஹரீஷே சொன்னான். சார் டீ புரையேறச் சிரித்தார். திருத்திய புரோகிராமை ஓட்டிக் காட்டினோம், 3.618 வந்தது. அட்டவணைக்கு உண்டான பத்து மார்க்கை இருவருக்கும் அடித்துவிட்டு, போர்டில் சொன்னதை எழுதிக் கடைசியில் ஒட்டச் சொன்னார். பாஸ்.

ரிப்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தபோது, "ஆயிரம் தடவை ஓட்டினா சராசரியில புள்ளிக்கு அப்புறம் எத்தனை இலக்கம் வரும்?" என்று போகிறபோக்கில் கேட்டார்.

"மூணு சார்" என்றேன். சொல்லும்போதே உறைத்தது. முழு எண்ணை ஆயிரத்தால் வகுத்தால் மூன்றுதான். 3.5977இல் நாலு இருக்கிறது.

வெளியே வந்து அட்டவணைப் பக்கத்தைத் திறந்தேன். கடைசி ஏழைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம். ஓரத்தில் போன வாரத் தேதி.

ஹரீஷ் எட்டிப்பார்த்துவிட்டு மெதுவாகப் படிக்கட்டில் உட்கார்ந்தான். நானும் உட்கார்ந்தேன். மாற்ற வேண்டியது ஏதாவது இருக்கா என்று சார் கேட்டபோதே அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அப்போது எங்கப்பா போன் செய்தார்.

"என்னாச்சு கண்ணு? எத்தனை சைக்கிள் வந்துச்சு?"

"மூணரைக்கு மேலப்பா" என்றேன். "பென்சில்ல ஒண்ணு கூடுதல்."