சூசையின் சாவுக் கடிதம்

தூத்துக்குடியில் கப்பலுக்கு ஆள் அனுப்பும் அலுவலகம் ஒன்றில், பிரெஞ்சுக் கம்பெனிகளோடு மின்னஞ்சல் எழுதுவது ஜெபசெல்வியின் வேலை. ஐந்து வருடத்தில் அறுபது மாதிரிக் கடிதங்கள் சேர்த்திருந்தாள். விசா தாமதம், ஆள் மாற்றம், நன்றி, இரங்கல் என ஒவ்வொன்றுக்கும் ஒன்று. பெயரும் தேதியும் வரும் இடங்கள் மஞ்சளில் இருக்கும். ஆனால் பெயரை மாற்றிவிட்டு அப்படியே அனுப்பமாட்டாள். முதல் வரியில் அந்த ஆளுக்கே உரிய ஒரு விஷயம் வேண்டும். பெறுபவர் ஆணா பெண்ணா என்று பார்த்து வார்த்தைகளைத் திருத்துவாள். பழகியவருக்கு ஒரு முடிப்பு, இயக்குநருக்கு வேறு.

அன்று தருவைகுளத்துப் பிலோமி வந்திருந்தாள். அவள் கணவன் சூசை கப்பலில் இறந்து ஒன்பது நாள். கம்பெனியின் கடிதத்தை ஜெபசெல்வி தமிழில் சொல்லிக்கொண்டே போனாள்.

"கடல் அமைதியா இருந்த ராத்திரியில, படியிறங்கும்போது மாரடைப்பு. ரெண்டு பெண் பிள்ளைகளுக்குத் தகப்பன்…"

"ரெண்டு பொம்பளப்பிள்ளையா? எங்களுக்கு ஒரு பயதானக்கா."

ஜெபசெல்வி அந்த வரியை மறுபடி வாசித்தாள். நல்ல பிரெஞ்சு என்று முந்தின வருடம் தன் தொகுப்பில் போட்டுவைத்த ஓர் இரங்கல் கடிதத்தைத் திறந்தாள். பெரியதாழை மிக்கேல் கப்பலில் இறந்தபோது அதே கம்பெனி அனுப்பியது. அமைதியான கடல், படி, மாரடைப்பு, இரண்டு பெண்கள். பெயரும் தேதியும் மட்டும் வேறு.

"அப்போ இவரு எப்படிச் செத்தாரு?" என்றாள் பிலோமி.

மேலாளர் ஜேசுதாசன் தலை நிமிரவில்லை. "கடிதம் கிடைச்சதுன்னு, ரெடியா இருக்கிற மாதிரியில ஒண்ண அனுப்பிடும்மா."

ஜெபசெல்வி அதை அனுப்பவில்லை. 'சோஃப் எரர் த நோத்ர் பார்' என்று தொடங்கும் மாதிரியை எடுத்தாள். நாங்கள் தவறாகப் புரிந்துகொள்ளவில்லையென்றால் என்று பணிவாகத் தொடங்கி, மறுக்கமுடியாதபடி கேட்கும் கடிதம் அது. பணிவை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அழித்தாள். சூசைக்கு ஒரே மகன் என்று எழுதினாள். இரண்டு கடிதங்களையும் இணைத்தாள். கப்பல் குறிப்பேட்டின் அந்த நாள் பக்கத்தையும் மருத்துவச் சான்றையும் கேட்டாள். பிலோமி கேட்ட கேள்வியை, அவள் கேட்டபடியே, கடைசி வரியாக வைத்தாள்.

"என் வேலைக்கு உலை வைக்கப் போற," என்றார் ஜேசுதாசன். அதற்குள் அனுப்பியாயிற்று.

ஆறாம் நாள் பதில் வந்தது. மன்னிப்பு நாலு வரி. அதற்குக் கீழே குறிப்பேட்டின் பக்கம். மரக்கட்டை ஏற்றிய சரக்கறையைச் சுத்தம் செய்யச் சூசையை இறக்கியிருக்கிறார்கள். மூடிய அறையில் மரக்கட்டை மூச்சுக்காற்றைத் தின்றுவிடும்; உள்ளே காற்று இருக்கிறதா என்று யாரும் சோதிக்கவில்லை. நாற்பது நிமிடம் கழித்துத்தான் தேடியிருக்கிறார்கள்.

பிலோமியை வரவழைத்து, ஜெபசெல்வி ஒரு சொல்லையும் மென்மையாக்காமல் சொன்னாள்.

"நாப்பது நிமிசம். கூப்பிட்டிருப்பாராக்கா?"

அது அந்தப் பக்கத்தில் எழுதப்படவில்லை.

பிலோமி போனபிறகு, மிக்கேலின் மனைவிக்கு வந்த கடிதத்தை ஜெபசெல்வி மறுபடி திறந்தாள்; அதுவும் வேறு யாருக்கோ எழுதியதாக இருக்கலாம். பிறகு மிக்கேல் எப்படி இறந்தார் என்று கேட்டு அதே கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதத் தொடங்கினாள்.