ஐந்தாம் மாதத்து ஐம்பதாயிரம்

அந்த அலுவலகத்தில் பகல் முழுக்க மழைதான். வெளியே தார் உருகுகிற வெயில் அடித்தாலும், கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டால் உள்ளே தகரக் கூரையில் தூறல் விழுந்துகொண்டிருக்கும். சில நாட்களில் கடல் வரும். சில நாட்களில் தூரத்து ரயில். தூக்கம் வராதவர்களுக்கு ஒலி விற்கிற செயலி ஒன்றை ஓர் அக்காவும் தம்பியும் அங்கே நடத்தினார்கள். விற்பவர்கள் மூன்று பேர், மூவருக்கும் மதியம் இரண்டு மணிக்குக் கண் செருகும். தன் சரக்கில் தானே மயங்குகிற வியாபாரம் வேறு எங்கே உண்டு?

தம்பி ஒலிவாங்கியைத் தூக்கிக்கொண்டு மழையைத் தேடி அலைபவன். அக்காவுக்குக் கணக்கு. மூன்றாவது ஆள், தம்பி பிடித்து வந்த மழையிலிருந்து நாய்க் குரைப்பையும் லாரி ஹாரனையும் பிரித்தெடுக்கிற பெண். அடுத்த தெருவில் குக்கர் விசில் அடித்தாலும் எத்தனையாவது விசில் என்று சொல்லிவிடுவாள். அதனால் அவளுக்குப் பெயரே காது. அரைநாள் வேலை, மாதம் பதினைந்தாயிரம். அது அவள் வாடகைக்கே சரியாகப் போய்விடும். இப்போது படம் எடுக்கிற கம்பெனி ஒன்று ஆறு மாத வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. நல்ல சம்பளம். நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

“முழுநேரமா எடுத்துக்கறோம்னு சொல்லுங்க, நான் எங்கயும் போகல” என்றாள் காது.

முழுநேரத்துக்கு மாதம் நாற்பதாயிரம் கொடுக்க முடியுமா என்பதுதான் கேள்வி. முடியும் என்றது அக்காவின் கணக்குத் தாள். வருடத் தொடக்கச் சலுகையில் அறுநூறு பேர் ஆளுக்கு ஆயிரம் கட்டி வருடச் சந்தா எடுத்திருந்தார்கள். மாதச் சந்தாக்காரர்கள் நானூறு பேர், தலைக்கு நூற்றிருபது. சிலர் போவார்கள், சிலர் வருவார்கள், எண்ணிக்கை ஏறக்குறைய அப்படியே நிற்கும். முதல் மாதம் முடிந்து வங்கியில் ஆறு லட்சத்து இருபதாயிரம் இருந்தது. காதுக்கு முழுச் சம்பளம் கொடுத்தாலும் வருடக் கடைசியில் நாலு லட்சத்துக்கு மேல் மிஞ்சும் என்று தாள் சொன்னது. அக்காவுக்கு மனசெல்லாம் குளிர்ந்துவிட்டது. காதைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள். நல்ல செய்தியைக் கண்ணால் பார்க்கட்டுமே என்ற ஆசை.

காது வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஐந்தாம் மாதத்தில் அவள் விரல் நின்றது.

“அக்கா, வருஷச் சந்தா அம்பதாயிரம்னு போட்டிருக்கே. அஞ்சாம் மாசம் இத யாரு அனுப்புவாங்க?”

“அந்த அறுநூறு பேர்தான். ஆறு லட்சத்தப் பன்னெண்டாப் பிரிச்சா...”

“அவங்கதான் ஏற்கனவே கட்டிட்டாங்களே?”

அக்கா திரையைத் தன் பக்கம் திருப்பினாள். பதினோரு வருடம் பெரிய கம்பெனியில் வரவு செலவு எழுதிய கை அது. வருடச் சந்தாவை மாதாமாதம் சம்பாதித்த வருமானமாகப் பிரித்து எழுதுவது அங்கே சட்டம். அந்தக் கை பழக்க தோஷத்தில் இங்கேயும் பிரித்துவிட்டது. ஆனால் இது வருமானக் கணக்கு இல்லை, கைக்காசு எப்போது வரும், எப்போது தீரும் என்று பார்க்கிற கணக்கு. அந்த ஆறு லட்சம் முழுசாக வங்கி இருப்பிலேயே உட்கார்ந்திருக்கிறது. அதையே மாதம் ஐம்பதாயிரமாக மறுபடியும் வரவு வைத்திருக்கிறாள். ஒரே காசு இரண்டு முறை! அக்காவுக்குக் காது மடல் வரை சுட்டது.

ஐம்பதாயிரங்களை ஒவ்வொன்றாக அழித்தாள். மாதம் வருவது நாற்பத்தெட்டாயிரம். காதின் முழுச் சம்பளத்தோடு போவது ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரம். பத்தாம் மாதக் கடைசியில் பதினேழாயிரம் நின்றது. பதினொன்றாம் மாதத்தில் எண்கள் சிவப்பாயின. புதுப்பிக்கிற பணம் அடுத்த வருட முதல் மாதத்தில்தான் வரும்.

தம்பி எட்டிப் பார்த்தான். “இதுக்குப் போயி ஏன் முகத்தத் தொங்கப் போட்டுக்கற? மாசம் கட்டுறவங்கள வருஷத்துக்கு மாத்திடு. நூறு பேர் மாறுனா நாளைக்கே ஒரு லட்சம்க்கா.”

“அப்புறம் அந்த நூறு பேரோட பன்னெண்டாயிரம் மாசாமாசம் வராது. பதினோரு மாசத்துல ஒரு லட்சத்து முப்பத்திரண்டாயிரம் போச்சு. வாங்கறது ஒண்ணு, விடறது ஒண்ணே காலுக்கு மேலன்னு ஆயிடும். குழி இன்னும் பெரிசாகும்டா.”

“அவங்க மாறவும் மாட்டாங்க” என்றாள் காது. கடிதங்களுக்குப் பதில் எழுதுவதும் அவள்தான். மெல்ல ஒன்றைத் திறந்து படித்தாள். மூன்று வருடமாக மாதச் சந்தா கட்டுகிற ஒருவர் எழுதியது: வருடச் சந்தா மலிவு என்று தெரியும். ஆனாலும் வேண்டாம். அடுத்த மாதம் எனக்குத் தானாகவே தூக்கம் வந்துவிடும் என்று ஒவ்வொரு மாதமும் நினைக்கிறேன்.

நூற்றிருபதுகள் என்று மட்டும் பார்த்துவந்த அந்த நானூறு வரிசையும், நானூறு அறைகளாக, நானூறு தலையணைகளாக அக்காவின் கண் முன்னால் மிதந்தன.

“உன்ன ஏமாத்த எனக்கு வாய் வரல” என்றாள் அக்கா கடைசியில். “எட்டாம் மாசத்துலேருந்துன்னாதான் புதுப்பிக்கிற பணம் வர்ற வரைக்கும் முழுச் சம்பளம் தாங்கும். அதுவும் இப்ப உன் அரைச் சம்பளம் மிச்சமானா நிம்மதியாத் தாங்கும். நீ அங்க போயிட்டு வா. வருவியான்னு கேக்கல. ஆனா எட்டாம் மாசத்துல உனக்குன்னு தாள்ல ஒரு வரி போட்டு வைக்கறேன்.”

“நானே என் வேலைக்கு உலை வச்சிட்டேன், பாத்தீங்களா” என்று காது சிரித்தாள். கண் கலங்கியிருந்தது. அடுத்த நாள் ஹெட்போனைத் துடைத்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

அதன் பிறகு மாதங்கள் தூக்கத்தில் நடப்பதுபோல நடந்தன. ஒலிகளைத் தம்பியே வெட்டினான், வெட்டிய லட்சணம் அவனுக்கே தெரியும். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி அக்கா சந்தாப் பட்டியலைத் திறப்பாள். இரண்டாம் மாதப் பட்டியலின் அடியில் ஒரு புதுப் பெயர் இருந்தது. காது. மாதச் சந்தா, நூற்றிருபது.

அக்கா அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வருடச் சந்தா எடுக்கவில்லை. மூன்றாம் மாதமும் நூற்றிருபது வந்தது. ஐந்தாம் மாதமும் வந்தது. ஐம்பதாயிரம் வராத அந்த மாதத்தில் அது மட்டும் தவறாமல் வந்தது. ஆறு லட்சம் மொத்தமாக விழுந்தபோதுகூட அக்காவுக்கு இப்படி நெஞ்சு நிறைந்ததில்லை.

எட்டாம் மாதம் முதல் தேதி. பட்டியலைத் திறந்தாள். காதின் பெயருக்கு நேரே ‘சந்தா ரத்து’ என்று இருந்தது.

ஆறு மாதம் என்றது அறுபது மாதம் ஆகியிருக்கலாம். நல்ல இடம், நல்ல சம்பளம், யார்தான் திரும்புவார்கள்? அக்கா கணக்குத் தாளைத் திறந்தாள். எட்டாம் மாதத்தில் நாற்பதாயிரம் என்ற வரி அப்படியே காத்திருந்தது. அழிக்கக் கை வரவில்லை. அறையில் தம்பி வெட்டிய தூறல் விழுந்துகொண்டிருந்தது.

பின்னால் கண்ணாடிக் கதவு திறந்து வெயிலும் தெருச் சத்தமும் ஒரு நொடி உள்ளே வந்து போயின.

“ஏன் அக்கா, மழைக்குள்ள ஒரு நாய் குரைச்சிக்கிட்டே இருக்கே, ஒருத்தருக்குமா கேக்கல?”

அக்கா திரும்பவில்லை. திரும்பினால் அழுதுவிடுவாள். எட்டாம் மாத வரவில் நூற்றிருபதைக் கழித்துவிட்டு, மேசை இழுப்பறையைத் திறந்து ஹெட்போனை எடுத்து நீட்டினாள்.