கவிழ்த்துப் போட்ட டிரோன்

டிரோனில் விசிறியை மாட்டுவதற்கு முன் அதன் மரையைச் சந்தோஷ் பல்லிடுக்கில் கவ்வி வைத்துக்கொண்டான். பாக்குச் சாறு வழிய அதை எடுத்து அப்படியே மோட்டாரில் திருகினான். மோகனப்பிரியா ஒரு துணியை அவன் பக்கம் எறிந்தாள்.

"சீ! எச்சிய தொடச்சிட்டாவது மாட்டுடா."

"வலைக்கு முடிச்சு போடும்போது நூல எங்க வெச்சிப்பாங்களாம்? வாயிலதான்" என்று அவன் சிரித்தான். பல்லெல்லாம் சிவப்பு.

பொன்னேரி பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம். புராஜெக்டுக்கு இவனோடு ஜோடி சேர்த்துவிட்டார்கள், தலைவிதி. பழவேற்காட்டில் வலை காயவைக்கும் திடலில் இன்றைக்குத்தான் முதல் ஓட்டம். நேரில் பார்க்க வரும் தமிழ்வேந்தன் சார் முன்கூட்டியே சொல்லிவிட்டார்: வயலுக்கு மருந்தடிக்கும் டிரோன் பயிற்சிக்குக் கல்லூரியிலிருந்து ஒரே ஒருவரைத்தான் அனுப்ப முடியும். அந்த இடத்துக்காகத்தான் அவள் திருப்பாலைவனத்திலிருந்து நாள் தவறாமல் பஸ் ஏறி வந்து, இந்த அசிங்கத்தையெல்லாம் சகித்துக்கொண்டாள்.

ஒயர்களை ஈயம் வைத்துப் பற்றவைத்தது முழுக்க அவள்தான். கண்ட்ரோலர் போர்டில் எந்த மூலை மோட்டாருக்கு எந்த எண் என்ற வரிசையையும் சுழலும் திசையையும் அமைக்கும் வேலையை மட்டும் நேற்று சந்தோஷ் வீட்டுக்கு எடுத்துப் போனான். இன்று காலை விசிறி மாட்டாமல் நான்கு மோட்டாரையும் ஒன்றாக ஓடவிட்டு அவள் சுழற்சியைச் சரிபார்த்தாள். மேலிருந்து பார்த்தால் முன் இடதும் பின் வலதும் கடிகார முள் போல. மற்ற இரண்டும் எதிர்த்திசை. விசிறிகளும் அதற்கேற்ற ஜோடிதான். பிசகே இல்லை.

சார் பைக்கை நிறுத்தினார். அவள் தன் ரிமோட்டை எடுத்து உயிர்ப்பித்தாள். தொடர்பே இல்லை. இரண்டு முறை அணைத்துப் போட்டும் இல்லை.

"நீ சாப்புட போனப்போ என் ரிமோட்டோட சேத்துட்டேன்" என்றான் சந்தோஷ், சாருக்கும் கேட்கிற மாதிரி. "நானே ஓட்டிக் காட்டறேன் சார்."

அடப்பாவி! சார் முன்னால் சண்டை போட வேண்டாமென்று பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். சாரையும் தள்ளி நிற்கச் சொன்னாள்.

டிரோன் ஒரு முழம் எழும்பி இடப்பக்கம் லேசாகச் சாய்ந்தது. அடுத்த நொடியே அதே பக்கம் குப்புறக் கவிழ்ந்து மணலை வாரியடித்தது. இரண்டு விசிறிகள் உடைந்து தெறித்தன.

"காத்து சார்" என்றான் சந்தோஷ், கூச்சமே இல்லாமல்.

காற்றா! ஓரத்தில் கிடந்த வலையின் ஒரு கண்ணி அசையவில்லை. அவள் பேட்டரியைப் பிடுங்கி, மிச்ச விசிறிகளையும் கழற்றிவிட்டு, லேப்டாப்போடு இணைத்தாள். மறுபடி பேட்டரி போட்டு ஒன்றாம் மோட்டாரை மட்டும் ஓடவிட்டாள். ஒன்று என்பது பின் வலது. சுற்றியதோ பின் இடது. முன் வலதில் சுற்ற வேண்டிய இரண்டு, முன் இடதில் சுற்றியது.

"இடது வலது மொத்தமும் மாறிக் கெடக்குது சார். இடப்பக்கம் சாஞ்சா இடப்பக்கத்தைத் தூக்கணும். இது வலப்பக்கத்தைத் தூக்குது. கவுழாம இன்னா செய்யும்? ஆனா காலையில பாத்தப்போ சுழற்சி சரியாதான் இருந்துச்சு."

"அப்போ சுழற்சி மட்டும் எப்படிச் சரியா இருந்தது?" என்றார் சார்.

அதுதான் அவளுக்கும் புரியவில்லை. சந்தோஷைப் பார்த்தாள். "நேத்து எப்புடிடா பாத்த?"

"எப்புடின்னா? மடியில கவுத்துப் போட்டுதான். எங்க நைனா படக ரிப்பேர் பாக்கும்போது கவுத்துதானே போடும்?"

கவிழ்த்துப் பார்த்தால் இடது வலதாகும்; சுழற்சியும் எதிராகத் தெரியும். இரண்டு தப்பும் சேர்ந்து சுழற்சியை மட்டும் சரியாக்கிவிட்டிருந்தன. காலையில் மோட்டாரை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்காத தன் மேலும் அவளுக்கு வெறுப்பு வந்தது.

டிரோனை நிமிர்த்தித் தரையில் வைத்தாள். ஒவ்வொரு மோட்டாராகச் சுற்றச் சுற்ற, திரையில் அதன் இடத்தைத் தொட்டு வரிசையை மாற்றிச் சேமித்தாள். சந்தோஷின் ரிமோட்டிலிருந்து பிரிக்க, டிரோனில் இருந்த ரிசீவருக்கு மூன்று முறை மின்சாரம் கொடுத்து எடுத்தாள். விளக்கு இரட்டை இரட்டையாகச் சிமிட்டியதும் தன் ரிமோட்டில் இணைப்பை அழுத்தினாள். விளக்கு நிலைத்தது. பேட்டரியைக் கழற்றிவிட்டுப் புது விசிறிகளைத் தன் கையாலேயே மாட்டினாள். மரைகளைத் துடைத்துத்தான்.

இந்த முறை டிரோன் எழும்பி, தலை உயரத்தில் அப்படியே நின்றது. மெல்ல இறக்கிப் பேட்டரியைக் கழற்றினாள்.

"பேஷ்! ரெண்டு பேர் உழைப்புதானே" என்று சார் இழுத்தார். "யார் பேர எழுதறதுன்னு..."

"ஆமா சார், என் பங்கும் பாதி" என்று சந்தோஷ் முந்திக்கொண்டான்.

அவளுக்குக் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. "சார், ஒண்ணாம் மோட்டார் எதுன்னு அவனையே காட்டச் சொல்லுங்க."

"இது ஒரு கேள்வியா?" சந்தோஷ் டிரோனைத் தூக்கினான். சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் கவிழ்த்து வைத்து, அவனுக்கு வலப்பக்கமாகத் தெரிந்த பின் மூலையில் விரலை ஊன்றினான். "இதான் சார்."

சார் அவன் மடியைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார்.

"உன் இனிஷியல் என்னம்மா?"