பதினெட்டாயிரம் போட்ட டேக்

என் முதலாளிக்கு நாங்கள் வைத்திருந்த பட்டப்பெயர் 'இருக்கட்டும்'. மேலே சுற்றுகிற ஃபேன் கழன்று விழப்போகிறது என்றால், இருக்கட்டும். பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்றால், இருக்கட்டும். சம்பளத்தைக் கூட்டிக் கேட்டால் மட்டும் 'பாக்கலாம்'. அந்த மனுஷன் கடையில் ஆறு வருஷம் பில் போட்டேன் என்று நினைத்தால் என் கன்னத்தில் நானே நாலு அறை விட வேண்டும் போலிருக்கிறது.

வீட்டு உபயோகப் பொருள் விற்கிற கடை. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், அயர்ன் பாக்ஸ் எல்லாம் உண்டு. அங்கே ஒரு சட்டம். விலை டேக்கை ஒட்டுவதோ கிழிப்பதோ, முதலில் டேக் புத்தகத்தில் எழுத வேண்டும், அவர் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். எப்போதோ ஒருத்தன் டேக்கை மாற்றி ஒட்டித் தன் மச்சானுக்குச் சல்லிசாகத் தள்ளிவிட்டானாம். அன்றிலிருந்து யாரையும் நம்பமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமையோடு தள்ளுபடி முடிந்தது. திங்கட்கிழமை காலை வாசலுக்கு நேரே நிற்கிற வாஷிங் மெஷினைப் பார்த்தேன். பதினெட்டாயிரம் என்ற சிவப்பு டேக் அப்படியே இருந்தது. கம்ப்யூட்டரில் விலை இருபத்தாறாயிரமாக மாறியாயிற்று. புத்தகத்தில் எழுதி அவர் மேஜையில் வைத்தேன். பதிலோடு திரும்பி வந்தது. நான் அதைப் படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு என் இருக்கையில் போய் உட்கார்ந்தேன். அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

வியாழக்கிழமை ஓர் அக்கா வந்தார். முன்பே இரண்டு தரம் வந்து, அந்த மெஷினைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனவர். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்த புருஷன் எட்டு மாதமாகப் படுத்த படுக்கை. தினமும் நாலு விரிப்பு, கையால் துவைக்க வேண்டும். அவர் பணத்தை நீட்டியபோது விரல்களைப் பார்த்தேன். சோப்புத்தண்ணீரில் ஊறி ஊறிக் கணுவுக்குக் கணு வெடித்திருந்தது. ஒரு வெடிப்பில் ரத்தம் கசிந்தது.

"வளையலை வித்துட்டேம்மா. இன்னிக்கே வண்டியில ஏத்திடுவீங்கல்ல?"

ஸ்கேன் செய்தேன். இருபத்தாறாயிரம் என்று திரையில் வந்தது. விலையைக் குறைத்து பில் போட முதலாளியின் ரகசிய எண் வேண்டும். கூப்பிட்டேன்.

வந்தார். டேக்கைப் பார்த்தார். என்னமோ அப்போதுதான் முதல்முறை பார்க்கிற மாதிரி புருவத்தைத் தூக்கினார். என்ன நடிப்பு!

"ஐயய்யோ, இது பழைய டேக்கும்மா. தப்பு நடந்துபோச்சு. இப்ப விலை இருபத்தாறு. வேணும்னா இருபத்தஞ்சரை குடுங்க."

"போட்டிருக்கிற விலைக்குத்தானே கேக்குறேன்? பதினெட்டுன்னு பாத்துட்டுத்தானே வளையலைக் குடுத்தேன்?"

"டேக் போட்டா வித்தே ஆகணும்னு சட்டம் எதுவும் இல்லம்மா. யார்கிட்ட வேணும்னாலும் கேளுங்க."

அக்கா நிஜமாகவே கேட்டார். நுகர்வோர் குறைதீர் அலுவலகத்துக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரை வைத்தார். அந்தப் பக்கம் ஒரு பெண் அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"டேக்ல விலை போடுறது, வாங்க வந்து பாருங்கன்னு கூப்பிடுறது மாதிரிதாம்மா. பில் போட்டுப் பணம் வாங்குற வரைக்கும் விக்க மாட்டேன்னு சொல்ல அவருக்கு உரிமை இருக்கு. கை தவறி நடந்த தப்புன்னா நாங்க ஒண்ணும் பண்ண முடியாது."

முதலாளி என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது.

"ஆனா," என்றார் அதிகாரி, "தப்புன்னு தெரிஞ்சும் விட்டு வெச்சிருந்தா அது வேற கதை. அது ஆளை இழுக்குறதுக்குப் பண்ற ஏமாத்து வேலை. அந்த விலைக்கே வாங்கித் தர்றேன்னு அப்பவும் நான் சொல்ல முடியாது. ஆனா அவருக்கு அபராதம் உண்டு. ஆதாரம் இருந்தா எழுதிக் குடுங்க."

"தெரிஞ்சு வைப்பேனா நானு?" முதலாளி நெஞ்சில் கை வைத்தார். பிறகு அதே கையை என் பக்கம் நீட்டினார். "டேக் எல்லாம் இந்தப் பொண்ணு பொறுப்பு. தூங்கிட்டா. சரிம்மா, பாவம் நீங்க, பதினெட்டுக்கே எடுத்துட்டுப் போங்க. மீதி எட்டாயிரத்தை இவ சம்பளத்துல பிடிச்சுக்கிறேன். தப்புப் பண்ணவங்கதானே கட்டணும்?"

கருணை வள்ளல்! ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

அக்கா என்னைப் பார்த்தார். வேண்டியது கிடைத்துவிட்டது, சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அக்கா மேஜையில் வைத்திருந்த தன் பணத்தை மெல்ல எடுத்து, முந்தானையில் முடிந்துகொண்டார்.

"வேணாங்க. இந்தப் பொண்ணு வயித்துல அடிச்சு எனக்கு மெஷின் வேணாம். கை இருக்கு, துவைச்சுக்கிறேன்."

திரும்பி வாசலுக்கு நடந்தார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அன்றைக்கு என் புத்தி நன்றாகவே வேலை செய்தது. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக வேலை செய்தது.

"அக்கா, நில்லுங்க! போனை வெச்சுடாதீங்க!"

டேக் புத்தகத்தை எடுத்து மேஜையில் அறைந்தேன். அக்கா போனோடு திரும்பி வந்தார். திங்கட்கிழமைப் பக்கத்தைப் புரட்டினேன்.

"மேடம், கேக்குதா? இது நான் எழுதினது. 'வாஷிங் மெஷின், தள்ளுபடி முடிந்துவிட்டது, டேக் தவறாக உள்ளது, எடுத்துவிடலாமா?' கீழ இவர் எழுதினது. 'இருக்கட்டும். ஆள் உள்ளே வரட்டும்.' தேதி இருக்கு. கையெழுத்தும் இருக்கு."

முதலாளி பக்கம் திரும்பினேன்.

"போன மாசம் அயர்ன் பாக்ஸுக்கு டேக்ல விலை கூட, கம்ப்யூட்டர்ல கம்மி. அப்ப என்ன சொன்னீங்க? 'டேக்ல இருக்கிறதுதான் விலை, அதையே வாங்கு'ன்னு சொன்னீங்க. நானும் வெக்கமில்லாம வாங்கினேன். கூட இருந்தா டேக் வேதம், கம்மியா இருந்தா நான் தூங்கிட்டேனா?"

"அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்கம்மா," என்றது போன்.

முதலாளி புத்தகத்தைப் பிடுங்கப் பார்த்தார். அக்கா முந்திக்கொண்டார். அந்த வெடித்த விரல்களால் பக்கத்தை அழுத்திப் பிடித்துப் படம் எடுத்தார். தாளில் ரத்தம் ஒட்டியது.

"புகாரெல்லாம் எதுக்கும்மா," முதலாளியின் குரல் வெண்ணெயாய் உருகியது. "நமக்குள்ள பேசிக்கலாம். பதினெட்டுக்கே பில் போடு. சம்பளத்துல பிடிக்கல, போதுமா?"

"நம்பரை நீங்களே அடிங்க."

அடித்தார். இரண்டு தரம் தப்பாகி, மூன்றாம் தரம் விழுந்தது. அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணத்தை எண்ணி வைத்தார். பில்லைக் கிழித்து அக்கா கையில் வைத்தேன். "பணம் வாங்கியாச்சு, பில்லும் போட்டாச்சுக்கா. இனிமே யாரும் மாத்த முடியாது. புகார் குடுக்கிறதும் குடுக்காததும் உங்க இஷ்டம்."

"குடுக்கத்தான் போறேன்," என்றார் அக்கா. "எனக்குக் கிடைச்சிருச்சு. அடுத்து வர்றவளுக்கு?"

குடோனிலிருந்து புதுப் பெட்டி வந்து வண்டியில் ஏறியது. அக்கா அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து, பெட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு போனார்.

வண்டி தெரு திரும்பியதும் முதலாளி பல்லைக் கடித்தார். "நாளையிலிருந்து நீ வர வேணாம். போறதுக்கு முன்னாடி அந்தச் சனியன் டேக்கைக் கிழிச்சுட்டுப் போ."

நான் பையைத் தோளில் மாட்டினேன். டேக் புத்தகத்தில் புதுப்பக்கம் திறந்து, பேனாவை அவர் முன்னால் வைத்தேன்.

"கையெழுத்து இல்லாம டேக்கைத் தொடக் கூடாதுன்னு சட்டம். நான் வேற இப்ப உங்க ஆளு இல்ல. எழுதிட்டு நீங்களே கிழிங்க."

படி இறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். தொந்தியை மடக்கிக் குனிந்து, நகத்தால் அந்தச் சிவப்பு டேக்கைச் சுரண்டிக்கொண்டிருந்தார். உள்ளே வந்த யாரோ ஒருத்தர் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று கேட்டார்: "பதினெட்டாயிரம்தானே?"