இருபதா, இருபத்தஞ்சா

துர்காதேவிய நான் கேவலமா பேசினது காலேஜ் பஸ்ல. அத முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் மூடி மறைச்சேன்னு யாரும் சொல்லக்கூடாது.

அன்னிக்கு எங்க காலேஜுக்கு ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி வருது. ரெண்டாயிரத்து ஏழு, ஃபைனல் இயர், அந்த வருஷத்துக்கு அதுதான் கடைசி கம்பெனி. முன்னாடி வந்த நாலுலயும் நாங்க ரெண்டு பேரும் ஆப்டிடியூட் ரவுண்டோட வெளிய வந்தவங்க. எனக்கு இதுவும் போனா பழவேற்காட்டுல வாப்பாவோட துணிக்கடை இருக்கு, சோறு இருக்கு. துர்காவுக்கு இல்ல. அவங்கம்மா கனகாம்பாள் ஏரிக்கரையில இறாலும் நண்டும் விக்கிறாங்க. கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஒரு கம்பெனியில பாக்கிங் வேலைக்கு கான்ட்ராக்டர்கிட்ட அவளோட போட்டோ ஏற்கனவே குடுத்தாச்சு. "இன்னிக்கு கெடைக்கலன்னா திங்கக்கெழமைலேர்ந்து ஷிஃப்ட்டுக்குப் போறேண்டி"ன்னு பொன்னேரி தாண்டும்போதே சொன்னா. பி.இ. படிச்சிட்டு அட்டைப்பெட்டி ஒட்டப் போறா. அத நெனச்சு எனக்கும் பயம்.

பயத்துல எனக்குக் கோவம்தான் வரும். நான் தொடர் தள்ளுபடி கணக்கு பாத்துக்கினு இருந்தேன். இருபது சதவீதம் தள்ளி, மேல பத்து சதவீதம் தள்ளினா முப்பது இல்ல, இருபத்தெட்டு. ஏன்னா ரெண்டாவது பத்து, மிச்சமிருக்கிற எண்பது மேலதான். இத மனசுல நாலு தடவ ஓட்டிக்கினு இருக்கும்போது துர்கா என் தோளத் தட்டினா.

"நஜ்மா, எண்பதுக்கு வாங்கி நூறுக்கு வித்தா லாபம் இருபத்தஞ்சு பெர்சென்ட்தான?"

நான் புக்குலேர்ந்து தலையத் தூக்கல. "இருபது."

"இருபதை எண்பதால வகுத்தா இருபத்தஞ்சு வருதேடி."

"நூறு ரூவா வியாபாரத்துல இருபது நிக்குது. அப்ப இருபது. கடை வெச்சிருக்கறது நாங்களா, நீங்களா? கூடையில நண்டு விக்கிறவங்களுக்கு பெர்சென்ட் எங்க தெரியும்?"

சொல்லிட்டேன். பின் சீட்டு மேரி கூட திரும்பிப் பாத்தா. துர்கா மூஞ்சி ஒரு நிமிஷம் சுருங்கிச்சு. அப்புறம், "உங்களுக்குத் தெரியாததா"ன்னு சொல்லி, நோட்டுல எழுதியிருந்த இருபத்தஞ்ச அடிச்சிட்டு இருபதுன்னு எழுதிக்கினா. நான் சாரி கூட கேக்கல. அவ்ளோ திமிர்.

பரீட்சை ட்ராயிங் ஹால்ல. முப்பது கேள்வி, முப்பது நிமிஷம். சரின்னா ஒரு மார்க், தப்புன்னா கால் மார்க் போயிடும். கட் ஆஃப் பதினெட்டுன்னு பிளேஸ்மென்ட் பாக்கற சுப்பராயன் சார் முன்னாடியே சொல்லியிருந்தாரு. "தெரியாதத விட்டுடுங்க, தெரிஞ்சத மட்டும் போடுங்க"ன்னு அவர் சொன்னத துர்கா வேதவாக்கா எடுத்துக்கினா. எனக்கு மூணு பெஞ்ச் முன்னாடி உக்காந்திருந்தா.

முதல் பத்து கேள்வி ஒழுங்காப் போச்சு. ரெண்டு வாட்ச், ரெண்டும் ஒரே விலைக்கு வித்தான், ஒண்ணுல பத்து சதவீதம் லாபம், இன்னொண்ணுல பத்து சதவீதம் நஷ்டம், மொத்தத்துல என்ன? ஒரு சதவீதம் நஷ்டம். டிக் அடிச்சிட்டு பதினொண்ணுக்கு வந்தேன்.

இருநூத்து நாப்பதுக்கு வாங்கி முன்னூறுக்கு வித்தான். லாப சதவீதம் எவ்ளோ? அறுபதை இருநூத்து நாப்பதால வகுத்தேன். கை பழக்கத்துல தானா வகுத்துச்சு. இருபத்தஞ்சு. ஆப்ஷன்ல இருபத்தஞ்சு இருந்துச்சு. அதுக்கு மேலயே இருபதும் இருந்துச்சு.

அப்பதான் எனக்குப் புரிஞ்சுது. பரீட்சைக்கு லாபம் வாங்கின விலை மேல. எங்க கடையில வாப்பா கணக்குப் போடறது வித்த விலை மேல. ராத்திரி கல்லாவப் பாத்து, "இன்னிக்கு இருபது பெர்சென்ட் நின்னுச்சு"ம்பாரு. அத சோறு மாதிரி தின்னு வளந்தவ நான். பேப்பர்ல போட்டா புக்கு வழி, வாயில வந்தா கடை வழி. பஸ்ல வாயில வந்தத அவகிட்ட சொல்லித் தொலைச்சிட்டேன்.

அடுத்ததப் பாத்தேன். குறித்த விலை ஐநூறு, இருபதும் பத்தும் தொடர் தள்ளுபடி, அப்பவும் இருபது சதவீதம் லாபம், வாங்கின விலை என்ன? தள்ளுபடி போக முன்னூத்தறுபது. அத ஒண்ணு புள்ளி ரெண்டால வகுத்தா முன்னூறு. துர்கா என் பேச்சக் கேட்டா முன்னூத்தறுபதுல இருபது சதவீதம் கழிச்சு இருநூத்தி எண்பத்தெட்டுன்னு போடுவா. ஆப்ஷன்ல இருநூத்தி எண்பத்தெட்டும் இருக்கு, பாவி. கேள்வி எழுதினவனுக்கு எங்க கடையும் தெரிஞ்சிருக்கு. அதுக்கடுத்தது, வாங்கின விலைக்கு மேல ஐம்பது சதவீதம் ஏத்தி, இருபது சதவீதம் தள்ளுபடி. நூறு நூத்தம்பதாகி, நூத்திருபதாகுது. லாபம் இருபது. அதுலயும் கடை வழியில வர்ற பதினாறும் மூணுல ரெண்டு பங்கும் ஒரு ஆப்ஷனா இருந்துச்சு.

மூணு கேள்வி. நான் ஸ்கேலக் கீழ போட்டேன். துர்கா திரும்பல. இருமினேன். கம்பெனிலேர்ந்து வந்தவர் நேரா என் பெஞ்சுக்கு வந்து, "இன்னொரு சத்தம் வந்தா பேப்பர வாங்கிடுவேன்"னாரு.

"வாங்கின விலை மேல." மூணே வார்த்தை. சத்தமா சொல்லியிருந்தா அவளுக்குப் போதும். என் பேப்பர் போயிருக்கும், அவ்ளோதான், எனக்குக் கடை இருக்குல்ல. வாயத் தொறந்தேன். மூடிக்கினேன். குனிஞ்சு பதினாலாவது கேள்வியப் போட்டேன்.

வெளிய வந்ததும் துர்கா ஓடிவந்து என் கையப் புடிச்சிக்கினா. அவ கை சில்லுனு இருந்துச்சு. "இருபது கேள்விதான் போட்டேன். எல்லாம் நல்லாத் தெரிஞ்சது மட்டும். அந்த வாட்ச் கணக்க விட்டுட்டேண்டி, மத்த லாபக் கணக்கு மூணும் நீ சொன்னதாலதான் தைரியமாப் போட்டேன்."

கேன்டீன்ல டீ வாங்கிக் குடுத்தா. மத்தது எதுலயும் அவ தப்பு விடாம இருக்கணும், கட் ஆஃபக் கொறைக்கணும்னு துஆ கேட்டுக்கினே ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன்.

சுப்பராயன் சார் லிஸ்ட்டோட வந்தாரு. பன்னெண்டு பேரு. ஏழாவது நான், பத்தொம்போதரை. பன்னெண்டாவது பேர் படிச்சு முடிச்சதும் துர்கா அவர்கிட்டப் போனா. அவர் பேப்பரத் திருப்பிப் பாத்துட்டு, "பதினாறே கால்மா. கொஞ்சத்துல போச்சு"ன்னாரு.

பதினேழு சரி, மூணு தப்பு. பதினேழுல முக்கால் போனா பதினாறே கால். அந்த மூணு சரியா இருந்தா முழுசா இருபது.

"எல்லாம் தெரிஞ்சதுதான், எந்த மூணுன்னு புரியல"ன்னு துர்கா விரல விட்டு எண்ணிக்கினு நின்னா. கண்ணுல தண்ணி, ஆனா விழல.

"அந்த லாபக் கணக்குதான்"னேன். "நீ பஸ்ல சொன்னதுதான் ரைட்டு. நான் சொன்னது எங்க கடைக் கணக்கு. ஹால்லயே எனக்குத் தெரிஞ்சிடுச்சு. கத்தியிருக்கலாம். பேப்பர் போயிடும்னு பயந்து கத்தல."

அவ எண்ணறத நிறுத்தினா. "நீ இருபத்தஞ்சு போட்டியா?"

"ஆமா."

இன்டர்வியூ ரூம் வாசல்ல என் பேரக் கூப்பிட்டாங்க. அவ திட்டுவான்னு காத்திருந்தேன், திட்டினா நல்லா இருந்திருக்கும். அவ பேகத் தோள்ல மாட்டிக்கினா.

"போ, கூப்பிடறாங்க"ன்னா. "உள்ள யாராவது லாபம் எவ்ளோன்னு கேட்டா, எது மேலன்னு கேட்டுக்கினு சொல்லு."

சொல்லிட்டு பஸ் நிக்கிற பக்கம் நடந்தா. எங்க பஸ் கெளம்ப இன்னும் மூணு மணி நேரம் இருந்துச்சு.